கரையில் மூன்றில் ஒரு பங்கு, டிவியில் ஐந்தில் நான்கு: செல்போன் வீடியோவின் இரு பக்கமும் தெரியும் அந்த மங்கல் என்ன செய்கிறது?

2022 டிசம்பர் 9. மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடக்கும் என்று வானிலை ஆய்வு மையம் சொல்லியிருந்தது. அன்று இரவு தொடங்கி மறுநாள் அதிகாலைக்குள் கடக்கவும் செய்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வசித்தவர்களுக்கு அந்த இரவில் ஒரே கேள்விதான்: அலை எங்கே வரைக்கும் வந்திருக்கிறது?

இப்படிப்பட்ட ராத்திரியில் டிவி சேனலின் கேமராக்காரர் எல்லா இடத்திலும் நிற்க முடியாது. கரையில் இருப்பவர் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பத்து, இருபது விநாடி வீடியோதான் செய்தியாகிறது. போனை யாரும் படுக்க வைத்து எடுப்பதில்லை, நிமிர்த்திப் பிடித்துத்தான் எடுக்கிறார்கள். ஆனால் டிவி படுத்திருக்கிறது. அதனால் நடுவில் ஒல்லியாக உண்மையான வீடியோ, அதன் இரண்டு பக்கமும் அதே வீடியோவைப் பெரிதாக்கி மங்கலாக்கிய ஒரு நகல். இதைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. எடிட்டிங் பக்கம் இதை 'ப்ளர் பேக்ரவுண்ட்' என்பார்கள்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மங்கலுக்குள் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் தூக்கிவாரிப் போடும்.

ஒரு கணக்கு, ஒரு கடல்

எச்டி டிவி திரையின் அகலம் 1920 பிக்சல், உயரம் 1080 பிக்சல். நிமிர்த்திப் பிடித்த போனில் வரும் வீடியோ அப்படியே தலைகீழ்: அகலம் 1080, உயரம் 1920. இந்த வீடியோ முழுசாகத் திரைக்குள் தெரிய வேண்டுமென்றால் அதன் உயரத்தை 1080-க்குக் குறைக்க வேண்டும். அப்போது அகலம் சுமார் 608 பிக்சலாகச் சுருங்கிவிடும். மிச்சம் இருப்பது இடதுபுறம் 656, வலதுபுறம் 656. அதாவது உண்மையான வீடியோ பிடிப்பது திரையில் சுமார் 32 சதவீதம். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் 68 சதவீதத்தையும் எதையாவது வைத்து நிரப்ப வேண்டும்.

அதை நிரப்ப அதே வீடியோவின் இன்னொரு நகலை எடுக்கிறார்கள். இந்த முறை உயரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், அகலத்தை 1920 ஆகும் வரை இழுக்கிறார்கள். அப்போது உயரம் 3,413 பிக்சலாகிவிடும். திரைக்குத் தேவை 1080 மட்டும். எனவே மேலேயும் கீழேயும் வெட்டித் தள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் பட்டையை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அதை மங்கலாக்கிப் பின்னால் போட்டு, ஒல்லியான அசல் வீடியோவை மேலே ஒட்டினால் வேலை முடிந்தது. முன்னால் இருப்பதைவிடப் பின்னால் இருப்பது 3.16 மடங்கு பெரிதாக இருக்கும்.

கவனிக்க வேண்டியது அந்த 'நடுப் பட்டை'. வீடியோவின் உயரத்தில் சரியாக நடுவில் இருக்கும் 32 சதவீதம்தான் பக்கங்களுக்குப் போகிறது. மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் அங்கே இடமே கிடையாது.

இப்போது மாமல்லபுரம் கரையில் ஒருவர் போனை நிமிர்த்திப் பிடித்து அலையை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேல் மூன்றில் ஒரு பங்கு வானம். நடுவில் மூன்றில் ஒரு பங்கு நுரை தள்ளும் கடல். கீழே மூன்றில் ஒரு பங்கு மணல், அதில் இழுத்துப் போட்ட ஃபைபர் படகு ஒன்று. அவர் போனில் கடல் பிடித்த இடம் 33 சதவீதம். படகுக்கும் அலைக்கும் நடுவே எவ்வளவு மணல் மிச்சம் இருக்கிறது என்பதும் தெளிவாகத் தெரிகிறது.

இதையே ப்ளர் பேக்ரவுண்டோடு டிவியில் போட்டால்? நடுவில் இருக்கும் ஒல்லியான அசலில் கடல் பிடிப்பது திரையின் பத்தரை சதவீதம். ஆனால் பக்கங்களுக்குப் போகும் நடுப் பட்டை முழுக்க முழுக்க கடல்தான். வானமும் வெட்டுப்பட்டுவிட்டது, மணலும் வெட்டுப்பட்டுவிட்டது. எனவே 68 சதவீதப் பக்கங்களும் நுரையும் தண்ணீருமாகப் பொங்குகின்றன. இரண்டையும் கூட்டினால் 79 சதவீதம்.

கரையில் எடுத்தவர் போனில் மூன்றில் ஒரு பங்காக இருந்த கடல், வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவரின் டிவியில் ஐந்தில் நான்கு பங்கு. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் வேறு வீடியோவை வெட்டி ஒட்டவும் இல்லை. ஒரே ஒரு எஃபெக்ட் போட்டார்கள், அவ்வளவுதான்.

இதோடு முடியவில்லை. பின்னால் இருக்கும் நகல் 3.16 மடங்கு பெரிது என்றால், அதில் எல்லா அசைவும் 3.16 மடங்கு வேகமாகத் தெரியும் என்று அர்த்தம். நடுவில் அலை ஒரு விரல் அளவு எழும்பினால், பக்கத்தில் அது மூன்று விரல் அளவு எழும்புகிறது. நம் கண்ணின் ஓரப் பார்வைக்கு எழுத்தையும் முகத்தையும் கூர்மையாகப் பார்க்கத் தெரியாது. ஆனால் அசைவை அது சட்டென்று பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டு மங்கல் சரியாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. புயல் வீடியோக்கள் நிஜத்தைவிடப் பதற்றமாகத் தோன்ற இதுவும் ஒரு காரணம். காற்றில் கை நடுங்கி எடுத்த வீடியோ என்றால் கேட்கவே வேண்டாம், நடுக்கமும் மூன்று மடங்கு.

சரி, கருப்பாகவே விட்டால் என்ன?

விடலாம். பல வருஷம் அப்படித்தான் விட்டார்கள். ஆனால் 68 சதவீதத் திரை கருப்பாக இருந்தால் பார்ப்பவர் ஏதோ கோளாறு என்று நினைப்பார் என்ற பயம் எடிட்டர்களுக்கு உண்டு. பளிச்சென்ற ஸ்டுடியோ காட்சியிலிருந்து திடீரென்று முக்கால்வாசி கருப்புக்குப் போனால் கண்ணுக்கு உறுத்தலாகவும் இருக்கும். மங்கலான நகலில் அசலின் நிறமே இருப்பதால் அந்த உறுத்தல் இல்லை. மஞ்சள் விளக்கு வீடியோவுக்கு மஞ்சள் பக்கம், நீலக் கடலுக்கு நீலப் பக்கம். தனியாக ஒரு டிசைனர் உட்கார்ந்து நிறம் தேட வேண்டியதில்லை. அவசரத்தில் இருக்கும் நியூஸ் டெஸ்க்குக்கு இது பெரிய வசதி என்பதை மறுக்க முடியாது.

ஆனால் கருப்புப் பட்டை ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறது: 'கேமரா பார்த்தது இவ்வளவுதான், இதற்கு அப்பால் என்ன இருந்தது என்று இந்த வீடியோவுக்குத் தெரியாது.' மங்கல் பக்கம் அதைச் சொல்வதில்லை. அப்பாலும் இதேதான் இருக்கிறது என்கிற மாதிரி ஒரு எண்ணத்தை விதைத்துவிட்டுப் போகிறது. வீடியோவுக்கு வலதுபுறம் நிஜத்தில் ஒரு சுவரோ சவுக்குத் தோப்போ இருந்திருக்கலாம். டிவியில் அங்கேயும் நுரைதான்.

மங்கல் எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. வீடியோவில் யாராவது இடமிருந்து வலமாக நடக்கிறார்களா என்று பாருங்கள். அவர் நடு வீடியோவுக்குள் நுழையும் அதே நொடியில், திரையின் இடது ஓரத்தில் ஒரு பெரிய நிழல் போன்ற உருவம் நுழையும். அது அவரைவிட வேகமாக ஓடி, நடு வீடியோவுக்குப் பின்னால் போய் மறைந்து, கொஞ்ச நேரத்தில் வலதுபுறம் வெளியே வரும். அவர் வெளியேறும்போது அதுவும் வெளியேறும். ஒருமுறை இதைக் கவனித்துவிட்டால் அப்புறம் எந்த வீடியோவிலும் கண்ணில் படாமல் இருக்காது. அதற்கு முன்கூட்டியே மன்னிக்கவும்.

கடற்கரைக் கோயிலுக்குப் பொருந்தும், அர்ஜுனன் தபசுக்குப் பொருந்தாது

எல்லா இடத்திலும் இது கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. எங்கே ஒத்துவரும், எங்கே ஒத்துவராது என்பதற்கு மாமல்லபுரத்திலேயே ஆளுக்கொரு உதாரணம் இருக்கிறது.

கடற்கரைக் கோயிலின் விமானம் உயரமானது, ஒடுக்கமானது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால்தான் படத்தில் சரியாக உட்காரும். விமானம் நடுவில், இரண்டு ஓரத்திலும் வானமும் கடலும். இதற்கு ப்ளர் பேக்ரவுண்ட் போட்டால் பின்னால் இருக்கும் பெரிய விமானம் முன்னால் இருக்கும் படத்தின் பின்னே மறைந்துவிடும். பக்கங்களில் வெளியே தெரிவது பெரும்பாலும் ஓரத்தில் இருந்த வானமும் கடலும்தான். நிஜத்திலும் கோயிலின் பக்கத்தில் அதுதானே இருக்கிறது. அதனால் கண்ணும் ஏமாறுவதில்லை, படமும் நன்றாக இருக்கிறது. காரணம் எளிது: படத்தின் அகலத்தில் இடது 34 சதவீதமும் வலது 34 சதவீதமும்தான் பக்கங்களில் வெளியே தெரியும். நடுவில் உள்ளது எப்போதுமே ஒளிந்திருக்கும். முக்கியமான பொருள் நடுவில், ஓரங்கள் வெறுமை என்றால் இந்த முறை அழகாக வேலை செய்யும்.

அங்கிருந்து ஊருக்குள் வந்து அர்ஜுனன் தபசு முன்னால் நின்றால் கதை வேறு. அந்தப் புடைப்புச் சிற்பம் உயரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அகலமானது. நடுவில் பாறைப் பிளவு, அதில் நாகங்கள். பிளவுக்கு இடதுபுறம் ஒற்றைக் காலில் தவம் செய்பவர். வலதுபுறம் அந்தப் பெரிய யானைகள். போனை நிமிர்த்திப் பிடித்துப் பிளவை மட்டும் எடுத்துவிட்டு, டிவிக்காகவோ யூடியூபுக்காகவோ பக்கங்களை மங்கலால் நிரப்பினால், யானைகள் இருக்க வேண்டிய இடத்தில் பிளவின் ஓரத்துச் சிற்பங்கள் மூன்று மடங்கு பெரிதாகிக் குழைந்து நிற்கும். இங்கே நிரப்ப வேண்டிய வேலையே இல்லை. போனைப் படுக்க வைத்து எடுத்திருந்தால் யானைகளே வந்திருக்கும்.

கல்யாண மண்டபத்து எல்இடி திரை இன்னொரு ரகம். செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் முகூர்த்த நாளில் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் மாப்பிள்ளை பெண் படங்கள் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். பாதிப் படங்கள் நிமிர்த்தி எடுத்தவை. நின்றபடி எடுத்த முழு உருவப் படத்தில் நடுப் பட்டை என்பது மார்பிலிருந்து தொடை வரை. எனவே பக்கங்களில் வருவது முகம் இல்லை, பட்டுப்புடவையின் நிறமும் மாலையின் நிறமும்தான். அரக்குப் புடவைக்கு அரக்குப் பக்கம், பச்சைப் புடவைக்குப் பச்சைப் பக்கம். ரிசப்ஷனுக்கு வேறென்ன வேண்டும்? இதைப் பார்த்து யாரும் வீட்டைக் காலி செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போவதில்லை. தாராளமாகப் போடலாம்.

முகத்தை மறைத்தாச்சு, ஆனால் பின்னால்?

இதுதான் இந்த எஃபெக்ட்டில் இருக்கும் மிக ஆபத்தான ஓட்டை. விபத்தில் அடிபட்டவர், குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, இப்படி முகத்தைக் காட்டக் கூடாத வீடியோக்கள் நியூஸ் டெஸ்க்குக்குத் தினமும் வருகின்றன. போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் தெரியும்படி ஊடகங்கள் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. எனவே எடிட்டர் முகத்தின் மேல் ஒரு மாஸ்க் போடுகிறார்.

எந்த வீடியோவின் மேல்? டைம்லைனில் இப்போது இரண்டு நகல்கள் இருக்கின்றன. மேல் டிராக்கில் ஒல்லியான அசல், கீழ் டிராக்கில் பெரிதாக்கிய நகல். முதலில் இரண்டு டிராக்கையும் அமைத்துவிட்டு, அப்புறமாக மேல் டிராக்கில் மட்டும் மாஸ்க் போட்டால், கீழே இருக்கும் நகலில் முகம் அப்படியே இருக்கும். அதுவும் மூன்று மடங்கு பெரிதாக. ஆள் நடுவில் நிற்கும் வரை அது மறைந்திருக்கும், எடிட்டர் கண்ணுக்கும் தெரியாது. அவர் ஓரத்துக்கு நகரும் அந்த இரண்டு விநாடியில்தான் பக்கத்தில் வெளியே வரும்.

'அதான் மங்கலாக இருக்கே' என்று சமாதானம் சொல்ல முடியாது. 1973-ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைப் பெரிய பெரிய கட்டங்களாக மாற்றிய ஒரு படத்தை வெளியிட்டார். சில நூறு சதுரங்கள்தான். ஆனால் கண்ணை இடுக்கிக்கொண்டோ தள்ளி நின்றோ, அதாவது மங்கலாக்கிப் பார்த்தால், அது லிங்கன் என்று தெரிந்துவிடும். முகத்தை அடையாளம் காண மனிதருக்கு அவ்வளவு குறைந்த விவரம் போதும். தெரிந்த முகம் என்றால் இன்னும் சுலபம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த மங்கலே போதும்.

முகத்தின் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். போன் வீடியோவில் 100 பிக்சல் அகலமிருந்த முகம், பின்னால் இருக்கும் நகலில் சுமார் 178 பிக்சலாகிவிடும். ஆப்பில் இருக்கும் லேசான ப்ளர் அதன் மேல் பட்டால் தோலின் சுருக்கம் போகும், முகம் போகாது.

இதற்குத் தீர்வு வேலையின் வரிசையை மாற்றுவதுதான். முதலில் அசல் வீடியோவில் மாஸ்க் போட்டு, அதைத் தனி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்துவிட வேண்டும். அதன் பிறகு அந்த ஃபைலை வைத்து ப்ளர் பேக்ரவுண்ட் செய்ய வேண்டும். இப்போது இரண்டு நகலிலும் முகம் கிடையாது. வண்டி நம்பர் பிளேட்டுக்கும் இதே வரிசைதான்.

செய்து பார்க்க

போனில் InShot போன்ற ஆப்களில் Canvas போய் 16:9 தேர்ந்தெடுத்து, Background-ல் ப்ளர் வைத்தால் முடிந்தது. கம்ப்யூட்டரில் பிரீமியர் பயன்படுத்துபவர்கள் 1920-க்கு 1080 சீக்வென்ஸில் அதே கிளிப்பை இரண்டு டிராக்கில் வைத்து, மேலே உள்ளதற்கு Scale 56.25, கீழே உள்ளதற்கு 178 கொடுக்கிறார்கள். கீழே உள்ளதற்கு Gaussian Blur. அதில் Repeat Edge Pixels என்ற பெட்டியை டிக் செய்ய மறந்தால் திரையின் ஓரத்தில் கருப்புக் கரை ஒன்று படியும். பல வீடியோக்களில் ஓரம் இருட்டடித்துத் தெரிவதற்கு இந்த டிக்தான் காரணம்.

கமாண்ட் லைன் பழக்கம் உள்ளவர்களுக்கு ffmpeg போதும். எடிட்டிங் சாஃப்ட்வேர் உள்ளே செய்வதை இந்த ஒரு வரி அப்படியே வெளிப்படையாகக் காட்டிவிடுவதால், கோடிங் பக்கம் போகாதவர்களும் ஒருமுறை பார்க்கலாம்:

```
ffmpeg -i in.mp4 -filter_complex "[0:v]split[a][b];
[a]scale=1920:1080:force_original_aspect_ratio=increase,
crop=1920:1080,boxblur=20:5[bg];
[b]scale=-2:1080[fg];
[bg][fg]overlay=(W-w)/2:0" -c:a copy out.mp4
```

`split` வீடியோவை இரண்டு நகலாக்குகிறது. முதல் நகலை `scale` திரை நிறையும் வரை பெரிதாக்குகிறது, `crop` நடுப் பட்டையை வெட்டியெடுக்கிறது, `boxblur` மங்கலாக்குகிறது. இரண்டாவது நகல் உயரம் 1080 ஆகும்படி சுருங்குகிறது. கடைசியில் `overlay` அதை நடுவில் ஒட்டுகிறது.

நம் புயல் வீடியோவின் பிரச்சினை முழுக்க அந்த `crop` என்ற ஒரே சொல்லில்தான் இருக்கிறது. எங்கிருந்து வெட்ட வேண்டும் என்று சொல்லாவிட்டால் அது நடுவிலிருந்து வெட்டும். அதை `crop=1920:1080:0:0` என்று மாற்றினால் மேலிருந்து வெட்டும். அப்போது பக்கங்களுக்குப் போவது கடல் இல்லை, வானம். 79 சதவீதம் பிடித்த கடல் மறுபடியும் பத்தரை சதவீதத்துக்கு வந்துவிடும். பக்கங்கள் அடர் சாம்பல் நிறத்தில், அதிகம் அசையாமல், கண்ணை உறுத்தாமல் இருக்கும். பிரீமியரில் இதற்குச் சமமான வேலை கீழ் டிராக்கின் Position-ஐக் கீழ்நோக்கி நகர்த்துவது. இரண்டு இடத்திலும் ஐந்து விநாடி வேலை.

பக்கங்கள் துள்ளுவது பிடிக்கவில்லை என்றால் நகலில் ஒரே ஒரு ஃப்ரேமை உறைய வைத்து அதைப் பின்னணியாகப் போடலாம். நிறம் பொருந்தும், அசைவு இருக்காது. செய்தி வீடியோவுக்கு ப்ளர் போட்டே ஆக வேண்டும் என்றால் இந்த வழிதான் மேல்.

இரவு வீடியோவில் மட்டும் ஒரு தொல்லை உண்டு. மாண்டஸ் போல ராத்திரியில் கரை கடக்கும் புயல் என்றால் வீடியோ பெரும்பாலும் இருட்டு, எங்கேயோ ஒரு தெருவிளக்கு. அதைப் பெரிதாக்கி மங்கலாக்கினால் விளக்கு ஒரு பெரிய மஞ்சள் பூசணிக்காயாகிவிடும். அதைச் சுற்றி இருட்டு சீராகக் குறையாமல் மாடிப்படி மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். வீடியோவில் இருட்டான நிறங்களுக்கு இருக்கும் படிகள் குறைவு, மங்கலாக்கும்போது அந்தப் படிகள் விரிந்து கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கின்றன. ப்ளரைக் கூட்டினால் இது சரியாகாது, வளையங்கள் இன்னும் அகலமாகும். இருட்டு வீடியோவுக்கு ஒற்றை அடர் நிறப் பக்கங்களே பார்க்க நன்றாக இருக்கும்.

டிவியிலிருந்து திரும்ப போனுக்கு

செங்குத்து வீடியோவுக்கு டிவியோடு பயணம் முடிவதில்லை. டிவியில் வந்ததை யாரோ எடுத்து ரீல்ஸிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ போடுகிறார்கள். இப்போது படுத்திருக்கும் வீடியோ நிமிர்ந்த திரைக்குள் போக வேண்டும். மேலேயும் கீழேயும் காலி. ஆப் அங்கேயும் மங்கலை நிரப்புகிறது. மங்கலுக்குள் மங்கல்.

1080 அகலமுள்ள போன் திரையில் டிவி காட்சி 608 உயரத்துக்குச் சுருங்கும். அதன் நடுவில் இருக்கும் அசல் வீடியோ இப்போது 342-க்கு 608. முழுத் திரையில் அதன் பங்கு 10 சதவீதம். போனில் எடுத்து போனிலேயே பார்க்கும் வீடியோ, முழுத் திரைக்கும் பொருந்தியிருக்க வேண்டியது, பத்தில் ஒரு பங்காகிவிட்டது. மிச்சம் 90 சதவீதமும் நிரப்பல். படகில் எழுதியிருந்த பதிவு எண்ணோ கடையின் பெயர்ப் பலகையோ, அதாவது வீடியோ நிஜமாகவே எந்த ஊரில் எடுத்தது என்று காட்டும் விஷயங்கள், இந்த அளவில் படிக்கவே முடியாது. புயல் சமயத்தில் வேறு ஊர், வேறு வருஷத்து வீடியோக்கள் சுற்றுவது வழக்கம். அவற்றைச் சரிபார்க்கத் தேவையான தடயங்கள்தான் முதலில் காணாமல் போகின்றன.

டிவி காட்சியிலிருந்து நடுவில் உள்ள 608 பிக்சலை மட்டும் வெட்டியெடுத்தால் நிமிர்ந்த வடிவம் திரும்பக் கிடைக்கும். ஆனால் 1080 அகலத்திலிருந்து 608-க்குக் குறைந்தபோது போன விவரம் திரும்ப வராது. எனவே எடுத்தவரிடமிருந்து அசல் ஃபைலை வாங்குவதுதான் வழி. அதையும் வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக இல்லாமல் Document ஆக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும்.

அந்த 656 பிக்சலில் வேறென்ன வைக்கலாம்?

மங்கலுக்குப் பதில் பக்கத்து இடத்தில் செய்தியையே வைக்கலாம். இடதுபுறம் 656 பிக்சல் என்பது டிவி வார்த்தையில் நல்ல பெரிய இடம். ஊர் பெயர், எடுத்த தேதி, நேரம், எடுத்தவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறார் என்று நான்கு வரி தாராளமாகப் பிடிக்கும். வலதுபுறம் கடற்கரையின் மேப், அதில் ஒரு புள்ளி. புயல் இரவில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர் தேடுவது இதைத்தான்.

இன்னொரு வழி கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. ஒரு செங்குத்து வீடியோவின் அகலம் சுமார் 608 பிக்சல். மூன்றை வரிசையாக வைத்தால் 1,824. திரையின் அகலம் 1920. மிச்சம் 96 பிக்சல், நடுவில் இரண்டு கோடு போடவும் ஓரத்தில் கொஞ்சம் விடவும் சரியாக இருக்கிறது. இடதுபுறம் கோவளம், நடுவில் மாமல்லபுரம், வலதுபுறம் சதுரங்கப்பட்டினம். மூன்று பேர் ஒரே நேரத்தில் எடுத்து அனுப்பிய மூன்று போன் வீடியோக்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றின் கீழேயும் ஊரும் நேரமும். ஒரு கரையில் அலை படகைத் தொட்டிருக்கலாம், அடுத்த கரையில் இன்னும் மணல் மிச்சம் இருக்கலாம். ஒரே வீடியோவைப் பெரிதாக்கிப் போட்டால் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

அதற்கு மூன்று வீடியோக்கள் கையில் இருக்க வேண்டும், மூன்றும் அன்றைக்கு எடுத்தவைதானா என்று சரிபார்த்திருக்கவும் வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது, ஒளிபரப்ப ஒரு நிமிஷம்தான் பாக்கி என்றால் `crop`-ஐ மேலே நகர்த்திவிட்டு, பக்கத்தில் ஊர் பெயரையும் நேரத்தையும் போட்டுவிட்டு அனுப்பலாம்.